சிங்கப்பூரில் தேதி சொல்லிவிட்டு வராத ரெனவேஷன் கான்ட்ராக்டரிடம் கறாராகவும் மரியாதையாகவும் பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1. "அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. முதல்ல நான் என்ன செய்யணும்?"

முதலில் போனைக் கீழே வையுங்கள். கோபம் வந்த அந்த நிமிடத்தில் அனுப்பும் செய்திதான் பிறகு உங்களுக்கே எதிராக நிற்கும். கொட்டேஷனையும் வாட்ஸ்அப்பையும் திறந்து நான்கு விஷயங்களைத் தேடுங்கள். எந்த வேலைக்கு எந்தத் தேதி பேசினீர்கள், அந்தத் தேதியை யார் எப்போது மாற்றினார்கள், இதுவரை எவ்வளவு பணம் போயிருக்கிறது, வேலை உண்மையில் எந்த நிலையில் நிற்கிறது. இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ரெனவேஷன் நிறுவனங்களில் வேலைகளை ஒருங்கிணைக்கும் பக்கத்தில் நான் பல காலம் இருந்திருக்கிறேன். அங்கே எல்லாரும் அறிந்த ஒன்று உண்டு. கையில் ஏழெட்டு வீடு இருக்கும்போது, சத்தம் போடுகிறவர் வீட்டுக்கு ஆள் போவதில்லை. எந்தத் தேதிக்கு என்ன முடியவேண்டும் என்று துல்லியமாகக் கேட்கிறவர் வீட்டுக்குத்தான் முதலில் போகும். "எப்ப முடிப்பீங்க?" என்ற கேள்விக்கு "சீக்கிரம்" என்று பதில் சொல்லித் தப்பித்துவிடலாம். "கீழ்க் கேபினெட் வெள்ளிக்கிழமை வந்து சேருமா?" என்றால் ஆமாம் அல்லது இல்லை என்றுதான் சொல்லியாக வேண்டும்.

2. "எங்க கொட்டேஷன்ல தேதியே இல்ல. வாய்ப்பேச்சுதான். அப்ப ஒண்ணும் செய்ய முடியாதா?"

முடியும். தேதி எழுதப்படவில்லை என்றால், நியாயமான காலத்துக்குள் முடிக்கவேண்டும் என்பதே பொதுவாகச் சட்டம் எதிர்பார்ப்பது. "நாலு வாரத்துல முடிச்சுடுவோம்" என்று அவர் அனுப்பிய குரல் செய்தியும் சான்றுதான், அழித்துவிடாதீர்கள். நேரில் பேசியது மட்டுமே இருந்தால், அதை இன்றே எழுத்தாக்குங்கள்: "நேத்து வீட்டுல பேசினபடி, கிச்சன் வேலை இந்த மாசம் 26ஆம் தேதி முடியும்னு எடுத்துக்கிறேன். வேற தேதின்னா நாளைக்குள்ள சொல்லுங்க." அவர் மறுக்காமல் வேலையைத் தொடர்ந்தால், நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்பது கடினம்.

3. "அவர் சொல்ற காரணம் உண்மையா சாக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வேலையின் வரிசை தெரிந்தால் தெரிந்துவிடும். சமையலறையையே எடுத்துக்கொள்வோம், தாமதப் புகார்கள் பல அங்கிருந்துதான் வருகின்றன. தரையும் சுவரும் ஓடு பதித்து முடிந்த பிறகுதான் தச்சு வேலைக்கு அளவெடுப்பார்கள். வரைபடத்துக்கும் லேமினேட் நிறத்துக்கும் நீங்கள் சரி சொன்ன பிறகு பட்டறையில் பலகை வெட்டுவார்கள். பட்டறை சுங்கை காடுட்டிலும் இருக்கலாம், ஜோகூரிலும் இருக்கலாம். கீழ்க் கேபினெட் வீட்டில் வந்து நின்ற பிறகே மேடைக்கல்லுக்கு அளவெடுக்க முடியும். கல் வெட்டி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கல் உட்கார்ந்த பிறகுதான் சிங்க், குழாய், அடுப்பு.

ஆகவே "வெள்ளிக்கிழமை கேபினெட், சனிக்கிழமை கல்" என்று ஒருவர் சொன்னால் அவர் உங்களைச் சமாதானப்படுத்துகிறார், அவ்வளவுதான். இன்னொன்று, வீவக வீடுகளில் ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையிலும் ரெனவேஷன் வேலை செய்யக்கூடாது. துளைபோடுவது, உடைப்பது போன்ற இரைச்சலான வேலைகள் வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும்தான், சனிக்கிழமைகூடக் கிடையாது. "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரை அனுப்பி முடிச்சுடறேன்" என்பது அதனால் நிறைவேற முடியாத வாக்கு. அதை நம்பி விருந்தினரை அழைத்துவிடாதீர்கள்.

உண்மையான காரணங்களும் உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்த லேமினேட் எண் கையிருப்பில் இல்லாமல் போகும். சீனப் புத்தாண்டை ஒட்டிப் பட்டறைகள் மூடியிருக்கும். உண்மையான காரணத்துக்கு எப்போதும் ஏதாவது ஒரு தடயம் இருக்கும்: லேமினேட் விற்பவரின் செய்தி, பட்டறையில் பாதி வெட்டிய பலகையின் படம். "பட்டறையிலேர்ந்து ஒரு போட்டோ அனுப்புங்கண்ணே" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வேலை நடக்கிறவர் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். நடக்காதவர் வேறு பேச்சுக்குத் தாவுவார்.

4. "சரி, என்னன்னு எழுதுறது? கோபமாவும் இருக்கக்கூடாது, இளிச்சவாய்னும் நினைக்கக்கூடாது."

ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். ஈசூனில் நாலறை வீடு. தச்சு வேலை மொத்தம் 12,000 வெள்ளி. உறுதி செய்யும்போது 3,600, கேபினெட் வந்து பொருத்தியதும் 4,800, கல் பதித்ததும் 3,000, எல்லாம் முடிந்து சரிபார்த்த பிறகு 600 என்று ஒப்பந்தம். முன்பணம் 3,600 கொடுத்தாகிவிட்டது. கீழ்க் கேபினெட் செப்டம்பர் 5 வரவேண்டியது, 12க்கு மாறியது, 12ஆம் தேதி மாலையும் வரவில்லை. தீபாவளி அக்டோபர் 20. முதல் செய்தி அன்று மாலையே போகவேண்டும்:

"வணக்கம் அண்ணே. கிச்சன் கீழ்க் கேபினெட் 5ஆம் தேதின்னு பேசினோம், அப்புறம் 12ன்னு மாத்தினீங்க. இன்னிக்கும் வரலை. இப்ப எந்த நிலையில இருக்குன்னு பட்டறையிலேர்ந்து ஒரு போட்டோ அனுப்புங்க. உங்களால உறுதியா முடியுற தேதியை நாளை மாலை 6 மணிக்குள்ள சொல்லுங்க. அதை வச்சுத்தான் நான் பிளம்பருக்கு நாள் சொல்லணும்."

இதில் "ரொம்ப ஏமாற்றமா இருக்கு", "இப்படிப் பண்ணலாமா" என்று எதுவும் இல்லை. பேசிய தேதி, நடந்தது, வேண்டியது, பதில் சொல்லவேண்டிய நேரம் ஆகியவை மட்டும் இருக்கின்றன. தேதியை அவர் வாயாலேயே சொல்ல வைப்பது முக்கியம். நீங்கள் திணித்த தேதியைத் தவறவிட்டால் "அப்பவே கஷ்டம்னு சொன்னேனே" என்பார்.

அவர் லேமினேட் தாமதம் என்று சொல்லி, வெட்டிய பலகையின் படமும் அனுப்பி, 19ஆம் தேதி வெள்ளி என்கிறார். இரண்டாவது செய்தி: "நன்றிண்ணே. 19 வெள்ளிக்கிழமை கீழ்க் கேபினெட் முழுசும் வந்து பொருத்தி முடியும்னு எழுதிக்கிறேன். 17 புதன்கிழமை ஒருதடவை கேட்டுக்கிறேன். தள்ளிப்போற மாதிரி இருந்தா அன்னிக்கே சொல்லிடுங்க." புதன்கிழமை கேட்பதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் கேட்டால் அவருடைய ஆள் பட்டியலில் உங்கள் வீடு ஏறும். கெடு நாளன்று கேட்டால் காரணம் மட்டும்தான் கிடைக்கும்.

19ஆம் தேதியும் போய்விட்டது. இப்போது நடை மாறவேண்டும், பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு. அந்த மாற்றமே அவருக்குச் செய்தி. "அண்ணே" அப்படியே இருக்கட்டும்:

"அண்ணே, கீழ்க் கேபினெட் செப்டம்பர் 5, 12, 19 என மூன்று தேதிகளிலும் வரவில்லை. செப்டம்பர் 26 வெள்ளி மாலை 6 மணிக்குள் அவை முழுவதும் என் வீட்டில் பொருத்தி முடிந்திருக்க வேண்டும். இதுவே கடைசித் தேதி. அன்று முடியாவிட்டால் இந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வேலையை வேறு ஒருவரிடம் கொடுப்பேன். அதனால் கூடும் செலவைக் கணக்கோடு உங்களிடம் கேட்பேன். நீங்களே முடித்துக் கொடுப்பதைத்தான் விரும்புகிறேன். 26க்குள் முடிக்க என் பக்கத்திலிருந்து எது தேவையென்றாலும் நாளைக்குள் சொல்லுங்கள்."

26ஐ ஏன் தேர்ந்தெடுத்தோம்? கேபினெட் 26 வந்தால் 27 அளவெடுத்து, அக்டோபர் 8 வாக்கில் கல், அடுத்த இரண்டு நாளில் குழாய் வேலை. தீபாவளிக்கு ஒன்றரை வாரம் மிச்சமிருக்கும். பலகை வெட்டியாகிவிட்டது என்று அவரே படம் அனுப்பியதால் ஒரு வாரம் நியாயமான அவகாசமும்கூட. இன்னும் வெட்டவே தொடங்காத நிலையில் ஒரு வாரம் கொடுத்தால் அது அவகாசம் என்றே எடுபடாது.

5. "எங்க மாமாவுக்கு வேண்டியவர். கறாரா பேசினா குடும்பத்துல பிரச்சினை ஆயிடும்."

மரியாதைச் சொல்லையும் நிபந்தனையையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால் வரும் பயம் இது. "அண்ணே", "நீங்க", "வணக்கம்" எல்லாம் கடைசி வரை இருக்கட்டும். தேதியிலும் பணத்திலும் மட்டும் வளையாதீர்கள். மேலே உள்ள மூன்று செய்திகளிலும் அவர் பெரியவர் என்பது எங்கும் குறையவில்லை.

மாமாவை ஒரே ஒரு தடவை பயன்படுத்தலாம், அதுவும் தகவலாக: "மாமா, மூணு தேதி தள்ளிப்போச்சு, கடைசியா 26ன்னு எழுதி அனுப்பியிருக்கேன், உங்களுக்குத் தெரியட்டும்னு சொல்றேன்." இதற்கு மேல் மாமாவைத் தூது அனுப்பாதீர்கள். தூது போனால் தேதி போய் "பையன் நல்லவன், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றுதான் திரும்பி வரும். வீட்டு விசேஷத்தில் நேரில் பார்த்தால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள், கேபினெட்டைப் பற்றி வாட்ஸ்அப்பில் மட்டும்.

6. "எங்க கான்ட்ராக்டர் சீனர். தமிழ்ல எழுதினா எப்படிப் புரியும்?"

எளிய ஆங்கிலத்தில், குட்டி வாக்கியங்களாக. அமைப்பு 4ஆம் பதிலில் உள்ளதுதான். தேதியோடு கிழமையையும் எழுதுங்கள், எண்களால் பேசுங்கள், முடியாத இடத்தைப் படமெடுத்து அதன்மேல் வட்டம் போட்டு அனுப்புங்கள். நீண்ட ஆங்கிலக் கடிதத்தை அவர் படிக்கமாட்டார். கடைசிச் செய்தியை மட்டும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

7. "போனே எடுக்க மாட்டேங்கிறாரு. நீல டிக் மட்டும் விழுது."

நீல டிக் விழுகிறது என்றால் படிக்கிறார், அதனால் எழுதிக்கொண்டே இருப்பதில் பயன் இருக்கிறது. ஆனால் நாளுக்குப் பத்து அழைப்பு வேண்டாம். அது உங்களைத் தொல்லை கொடுப்பவராகக் காட்டும், பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போனால் உதவாது. காலை எட்டரை மணி வாக்கில் ஒரு அழைப்பு. அதுதான் ஆள்களை வீடு வீடாகப் பிரித்து அனுப்பும் நேரம். எடுக்காவிட்டால் உடனே ஒரு செய்தி, அதில் பதிலுக்கு ஒரு நேரம். போனில் பேச முடிந்தால், பேசி முடித்ததும் அதன் சாரத்தை இரண்டு வரியில் அனுப்பிவிடுங்கள்.

இரண்டு மூன்று நாள் ஓசையே இல்லை என்றால், நிறுவனத்தின் பதிவு முகவரியை அரசாங்கத்தின் வணிகப் பதிவுத் தளத்தில் தேடிப் பாருங்கள், பெயரைத் தட்டினால் அடிப்படை விவரம் இலவசமாகக் கிடைக்கும். கடைசித் தேதிக் கடிதத்தை அந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். கொட்டேஷனில் உள்ள நிறுவனப் பெயரும் நீங்கள் பேநவ் செய்த பெயரும் ஒன்றா என்றும் அப்போதே பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால், யார்மேல் கோரிக்கை வைப்பது என்பதே பின்னால் பெரிய தலைவலி.

8. "மிச்சப் பணத்தைக் கொடுத்தா வேகமா முடிச்சுடறேன்னு சொல்றாரு. கொடுக்கலாமா?"

ஒப்பந்தத்தில் உள்ள கட்டம் முடியாமல் கொடுக்காதீர்கள். ஈசூன் வீட்டில் கேபினெட் வராமலே 4,800 கொடுத்துவிட்டால், மொத்தத்தில் 8,400 அவர் கையில், வீட்டில் ஒரு பலகைகூட இல்லை. பிறகு நீங்கள் எழுதும் எந்தச் செய்திக்கும் கனம் இருக்காது. சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "பணம் தயாரா இருக்குண்ணே. கேபினெட் பொருத்தின அன்னிக்கு மாலையே பேநவ் பண்ணிடறேன்." சொன்னபடி அன்றைக்கே செய்யவும் வேண்டும். கட்டம் முடிந்தும் பணத்தை இழுத்தடிக்கிறவரிடம் ஆள் வராது, அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

சிலநேரம் அவர் உண்மையிலேயே கையில் காசில்லாமல் நிற்பார். முந்தைய வீட்டில் பணம் வராததால் உங்கள் லேமினேட்டை வாங்க முடியாமல் இருப்பார். அப்படித் தெரிந்தால், பொருள் விற்பவருக்கு நீங்களே நேரடியாகக் கொடுத்து, அந்தத் தொகையை அடுத்த கட்டத்தில் கழித்துக்கொள்வதாக இருவரும் எழுதிக்கொள்ளலாம். அவர் கையில் கொடுத்தால் அது யார் வீட்டுக் கேபினெட்டாக மாறும் என்பது உங்களுக்குத் தெரியாது.

9. "நானும் ரெண்டு மூணு தடவை 'பரவாயில்லண்ணே'னு சொல்லிட்டேன். இப்ப போய்க் கறாரா பேச எனக்கு உரிமை இருக்கா?"

இருக்கிறது, ஆனால் ஒரு படி ஏறித்தான் போகவேண்டும். பழைய தேதி போனபோது நீங்கள் பொறுத்துக்கொண்டதால், அந்தத் தேதியையே காட்டித் திடீரென்று இன்று ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. புதிதாக ஒரு கடைசித் தேதியை, நியாயமான அவகாசத்தோடு, தெளிவாக அறிவிக்கவேண்டும். அதையும் தவறவிட்டால் அப்போது விலகலாம். 4ஆம் பதிலில் உள்ள மூன்றாவது செய்தி செய்வது இதைத்தான்.

இந்த விதிக்குச் சட்ட மாணவர்கள் படிக்கும் பழைய ஆங்கிலேய வழக்கு ஒன்று உண்டு, தீர்ப்பு 1950இல் வந்தது. ரோல்ஸ் ராய்ஸ் காரின் அடிச்சட்டத்துக்கு மேல்கூடு கட்டித் தரச் சொன்னார் ஒருவர். பேசிய காலம் தாண்டியும் கூடு வரவில்லை. அவரும் முறிக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் இன்னும் நான்கு வாரம், அதற்குள் வராவிட்டால் வேண்டாம் என்று எழுதிவிட்டார். அதற்குள்ளும் வரவில்லை, சில மாதம் கழித்து வந்த காரை அவர் வாங்க மறுத்தார். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இத்தனை நாள் பொறுத்தது அவர் உரிமையைப் பறிக்கவில்லை, எழுதிய அந்த அறிவிப்பு அதை மீட்டுக்கொடுத்தது. சிங்கப்பூர் ஒப்பந்தச் சட்டம் அதே ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபிலிருந்து வந்ததுதான்.

10. "நானும்தான் லேட் பண்ணினேன். சிங்க் எதுன்னு சொல்ல ரெண்டு வாரம் ஆச்சு."

அப்படியென்றால் அந்த இரண்டு வாரத்தை உங்கள் கணக்கில் போடுங்கள், அவருடைய தாமதமாகக் காட்டாதீர்கள். சிங்க் அளவும் அடுப்பின் மாடலும் தெரியாமல் கல்லில் துளை வெட்ட முடியாது. அதனால் கல் தள்ளிப்போனது உங்களால். ஆனால் சிங்க்குக்காகக் காத்திருந்தால் மேல் கேபினெட்டோ படுக்கையறை அலமாரியோ தள்ளிப்போகத் தேவையில்லை. செய்தியில் நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள்: "சிங்க் மாடல் நான் 14 நாள் தாமதமாகத்தான் கொடுத்தேன், அதனால் கல்லுக்கு அந்த 14 நாள் சரி. அலமாரிக்கு அது காரணம் இல்லை." இப்படிப் பிரித்து எழுதியவரிடம் சாக்குச் சொல்வது கடினம்.

பாதியில் வரைபடத்தை மாற்றியிருந்தால், முன்பு பேசிய தேதிகள் எதுவும் இனி அவரைக் கட்டுப்படுத்தாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றம் கேட்கும்போதே "இதனால் தேதி எத்தனை நாள் தள்ளும்?" என்று கேட்டு எழுதி வாங்குவது ஒன்றே வழி.

11. "தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 200 வெள்ளி பிடிச்சுக்கலாமா?"

ஒப்பந்தத்தில் முன்பே இல்லாவிட்டால் முடியாது, நடுவில் நீங்களாக அறிவித்தால் அது வெறும் மிரட்டல். முன்பே எழுதியிருந்தாலும், தாமதத்தால் உங்களுக்கு ஆகக்கூடிய நட்டத்தை நேர்மையாக மதிப்பிட்ட தொகையாக இருக்கவேண்டும், தண்டனையாக இருக்கக்கூடாது. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் இந்த நிலையைத் திரும்பவும் உறுதிசெய்தது. வாடகை வீட்டில் மாதம் 2,400 கொடுத்துக்கொண்டு காத்திருப்பவர் நாளுக்கு 80 என்று எழுதினால் கணக்கு இருக்கிறது. ஏற்கெனவே சொந்த வீட்டில் வசித்துக்கொண்டு 500 என்றால் கணக்கு இல்லை.

12. "கடைசித் தேதியும் போயிடுச்சு. வேற ஆளை வச்சு முடிச்சுட்டு இவர்கிட்ட என்ன கேட்கலாம்?"

முதலில் கெடு முடிந்த அன்றே வீட்டைப் படமெடுங்கள், நிற்பதும் நிற்காததும் தெரிய. பிறகு ஒரே ஒரு செய்தி: 26ஆம் தேதியைக் கெடுவாகச் சொன்ன அறிவிப்பின்படி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன், உங்கள் பொருள் ஏதாவது வீட்டில் இருந்தால் எப்போது எடுத்துக்கொள்வீர்கள் என்று. கெடு முடியும் முன்பே புது ஆளை வேலைக்கு விட்டுவிடாதீர்கள். விட்டால் ஒப்பந்தத்தை முறித்தது நீங்கள் என்று ஆகிவிடும்.

கணக்கில்தான் அதிகமானோர் வழுக்குகிறார்கள். ஈசூன் வீட்டில் பழையவர் ஒரு பலகையும் தரவில்லை, புதியவர் அதே வேலைக்கு 13,500 கேட்கிறார். மொத்தச் செலவு 3,600ம் 13,500ம் சேர்த்து 17,100. ஒழுங்காக நடந்திருந்தால் 12,000 ஆகியிருக்கும். ஆகவே நட்டம் 5,100. முன்பணம் 3,600ஐத் தனியாகவும் 5,100ஐத் தனியாகவும் கேட்டால் ஒரே நட்டத்தை இரண்டு முறை கேட்கிறீர்கள். புதியவரிடம் அதே தரத்தில்தான் செய்யவேண்டும். லேமினேட்டை விட்டுவிட்டு விலை கூடிய மரத்துக்குப் போய் அந்த வித்தியாசத்தைப் பழையவர் தலையில் கட்ட முடியாது. இரண்டு மூன்று கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தால் 13,500 நியாயம்தான் என்று காட்டலாம்.

13. "அவர் தரமாட்டேன்னா எங்க போறது? வக்கீல் வைக்க வசதியில்ல."

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு வக்கீல் தேவையில்லை, வைக்கவும் முடியாது. 20,000 வெள்ளி வரை கோரலாம், இருதரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும். இணையத்திலேயே பதியலாம். பயனீட்டாளராகப் பதிபவருக்கு 5,000 வெள்ளிக்குள் இருந்தால் கட்டணம் 10 வெள்ளி, 5,000க்கு மேல் 10,000 வரை 20 வெள்ளி. விசாரணைக்கு முன் சமரசம் பேச வாய்ப்பு தருவார்கள், பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். அங்கே உங்களுக்குத் துணை நிற்பது 1ஆம் பதிலில் எழுதிய அந்தத் தாளும், 4ஆம் பதிலில் உள்ள மாதிரிச் செய்திகளும்தான்.

அதற்கு முன் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுத்துப் பேசிப் பார்க்கச் சொல்லலாம். ஒன்று மட்டும்: தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும், அந்த நிறுவனத்திடம் பணமே இல்லை என்றால் வசூலிப்பது தனிப் போராட்டம். அதனால்தான் 8ஆம் பதிலில் அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

14. "பேஸ்புக்ல போட்டோவோட போட்டா உடனே வழிக்கு வருவாருங்கிறாங்க."

வரலாம். ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும்போது போட்டால், மிஞ்சியிருக்கும் வேலை அவர் மனம்போலத்தான் நடக்கும். "பணத்தைத் தராவிட்டால் போடுவேன்" என்று மிரட்டுவது இன்னும் மோசம். அவருடைய வீட்டு முகவரி, கைப்பேசி எண், பிள்ளைகள் இருக்கும் படம் ஆகியவற்றைத் தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு வெளியிடுவது தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகலாம். எல்லாம் முடிந்த பிறகு, பேசிய தேதி இது, வந்த தேதி இது என்று நடந்ததை மட்டும் எழுதும் விமர்சனம் வேறு. அதை எழுத உங்களுக்கு உரிமை உண்டு, அடுத்தவருக்கும் உதவும்.

15. "ஒருவழியா எல்லாம் முடிஞ்சுது, ஆனா ரெண்டு கதவு இடிக்குது. 'சின்ன வேலைதானே, பணத்தைப் போடுங்க, அப்புறம் வந்து பார்க்கிறேன்'னு சொல்றாரு."

அந்தக் கடைசி 600 வெள்ளி இருப்பதே இதற்குத்தான். கீல் திருகிச் சரிசெய்ய ஒருவருக்கு அரை மணி நேரம் போதும், ஆனால் பணம் போன வீட்டுக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்க இரண்டு மாதம் ஆகும். குறைகளை ஒரே பட்டியலாகப் படத்தோடு அனுப்புங்கள். தினம் ஒன்றாகக் கண்டுபிடித்து அனுப்பினால் அவரும் சலித்துப்போவார். "இந்த ரெண்டு கதவும் சரியானா என் பக்கம் எல்லாம் முடிஞ்சுதுண்ணே, ஆள் கிளம்பும்போதே 600 வந்துடும். எந்த நாள் அனுப்புறீங்க?" என்று கேளுங்கள். வந்த ஆள் போவதற்குள் எல்லாக் கதவையும் நீங்களே ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள், இழுப்பறைகளையும் சேர்த்து.